அப்ப இது மட்டமா?

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன மாதம் என் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டை. இருபது வருடமாக அவர் நெய்வது அன்றாடம் உடுத்தும் காட்டன் சேலைதான். பள்ளிக்கூடத்து டீச்சர், பூக்கடை அக்கா, திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் என்று அதை வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். துவைக்கத் துவைக்க நிற்கும் என்று பெயர். இப்போது அதே பெயரில் மெல்லிய நூலில் ஒரு சேலை போடப்போகிறார். விலை பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அட்டையில் தங்க எழுத்தில் ‘தரம் அறிந்தவர்களுக்கு’ என்று அச்சடித்திருந்தது.

“நல்லா இருக்கா தம்பி?”

“அச்சு நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா இருபது வருசமா உங்க சேலைய வாங்கிட்டு வாரவங்க தரம் அறியாதவங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. அப்படி நினைத்து அவர் எழுதவில்லை. அச்சுக்கடைப் பையன் எடுத்துக் கொடுத்த வாசகம் அது. ஆனால் படிக்கிற அம்மாவுக்கு அச்சுக்கடைப் பையனைத் தெரியாது. அண்ணாச்சியைத்தான் தெரியும்.

மலிவு விலைக்குப் பேர் வாங்கிய ஒரு பொருள், அதே பேரில் உயர்ந்த விலைச் சரக்கைக் கொண்டுவரும்போது வருகிற சிக்கல் இதுதான். குறைந்த விலையில் நல்லது வாங்கியவர் தன்னை ஏழை என்று நினைத்துக்கொண்டு வாங்குவதில்லை, கெட்டிக்காரர் என்று நினைத்து வாங்குகிறார். “எவ்வளவு சொல்லு பார்ப்போம்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டு, அவள் கூடுதலாகச் சொன்னதும் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்புதான் இந்தச் சரக்கின் மூலதனம். அதே கடை, அதே பேரில், “இதோ, இதுதான் நல்லது” என்று இன்னொன்றைக் காட்டும் நிமிடத்தில் பழைய சேலை புத்திசாலித்தனத்தின் அடையாளமாக இருப்பது போய், கையில் காசில்லாததன் அடையாளமாகிவிடுகிறது. சேலையில் ஓர் இழைகூட மாறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது மாற்றிவிட்டது.

இதைத் தவிர்க்க முடியுமா? முடியும். எப்படி என்பதைப் பார்க்க மேலாண்மைப் புத்தகம் வேண்டாம், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் போதும். ஆவின் பால் உறைகள் அங்கே இருக்கின்றன. இந்த விஷயத்தைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும், பிசகினால் என்ன ஆகும் என்ற இரண்டுக்குமே ஆவினிடம் கணக்கு இருக்கிறது.

ஆவின் உறைகளின் நிறத்தை நாம் பெயராகவே ஆக்கிவிட்டோம். “ஒரு நீலம், ரெண்டு பச்சை” என்றுதான் கேட்கிறோம். நீல உறை சமன்படுத்திய பால்: கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பல்லாத மற்றத் திடப்பொருள் 8.5 சதவீதம். இந்த இரண்டாவது எண் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகளைச் சேர்த்துச் சொல்வது. பச்சை உறை நிலைப்படுத்திய பால்: 4.5, 8.5. ஆரஞ்சு உறை நிறைகொழுப்புப் பால்: 6, 9. இவை ஆவினின் கண்டுபிடிப்பு அல்ல, நாடு முழுக்கப் பாலுக்கு வகுத்திருக்கும் தர அளவுகள். விலையும் ஏணி போல ஏறும். 2024 கடைசியில் அரை லிட்டர் நீலம் 20 ரூபாய், பச்சை 22, ஆரஞ்சு சில்லறையில் 30.

ஒரே பெயர், மூன்று விலை, ஆனால் நீலம் வாங்குகிறவர் யாரும் பால் பூத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில், உறை சொல்வது உள்ளே இருப்பதை. வாங்குகிறவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கொழுப்பு இவ்வளவு, திடப்பொருள் இவ்வளவு, அவ்வளவுதான். இரண்டாவது, கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் ஒரே மாதிரி நிறப்பெயர் இருக்கிறது. நீலம் ‘சாதா’ அல்ல, அது நீலம். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொன்றுக்கும் அது மற்றதைவிட நன்றாக இருக்கும் ஓர் இடம் உண்டு. டீக்கடைக்காரருக்கு ஆரஞ்சு வேண்டும், தண்ணீர் சேர்த்தாலும் டீ கெட்டியாக நிற்கும். பாயசத்துக்கும் திரட்டுப்பாலுக்கும் அதுவே. கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்கு நீலம்தான் சரி, கையில் எவ்வளவு காசு இருந்தாலும். வசதியான வீட்டிலும் நீலம் போகிறது, ஓலைக்கூரை டீக்கடைக்கும் ஆரஞ்சு போகிறது. உறையைப் பார்த்து வீட்டின் வரும்படியைச் சொல்ல முடியாது. அது முடியாதவரை அதில் அவமானத்துக்கு இடமில்லை.

நம் ஓட்டல்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கின்றன. சாதா தோசைக்கும் நெய் ரோஸ்ட்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. ஆனால் விலை கூடிய தோசைக்கு ‘உயர்தர தோசை’ என்று பெயரில்லை, என்ன கூடச் சேர்ந்ததோ அந்த நெய்தான் பெயர். அதே மேசை, அதே சாம்பார், அதே ஆள் பரிமாறுகிறார். ஏ.சி. அறையில் அதே தோசைக்கு விலை கூட்டுகிற ஓட்டலிலும் கூடுதல் காசு குளிருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே உட்கார்ந்து தின்பவரின் தோசை மட்டமாகிவிடவில்லை.

இப்போது பிசகிய கதைக்கு வருவோம்.

2023-ல் ஆவின் ஊதா உறையில் ‘டிலைட்’ என்று ஒரு பாலைக் கொண்டுவந்தது. கொழுப்பு 3.5 சதவீதம். பச்சை உறையின் 4.5 சதவீதப் பால் விற்ற அதே விலைதான் இதற்கும். ஊதாவை ஏழாவது எட்டாவது வகையாக ஓரத்தில் வைத்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பச்சைக்குப் பதில் ஊதா என்று பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு சதவீதக் கொழுப்பை எடுத்துக்கொண்டு விலையை அப்படியே வைப்பது விலையேற்றம்தானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூட்டுறவுக்குப் பால் ஊற்றும் மாட்டுக்காரருக்கே கொழுப்பையும் திடப்பொருளையும் அளந்துதான் காசு தருகிறார்கள். வாங்கும்போது கொழுப்புக்கு விலை, விற்கும்போது கொழுப்புக்கு விலை இல்லை என்றால் எப்படி?

அடுத்தது 2024 டிசம்பர். ‘கிரீன் மேஜிக் பிளஸ்’ வந்தது. பெயரைப் பாருங்கள்: பச்சை உறையின் பெயர் கிரீன் மேஜிக், இது அதற்கு மேல் ஒரு ‘பிளஸ்’. கொழுப்பு பச்சையைப் போலவே 4.5 சதவீதம், மற்றத் திடப்பொருள் 8.5-க்குப் பதில் 9 சதவீதம், கூடவே வைட்டமின் ஏ-யும் டி-யும். விலை 25 ரூபாய். இதுவரை சரி. அரை ரூபாய்க் காசுக்கும் கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரர்கள் உறையின் மூலையில் பார்த்தது வேறோர் எண்ணை. 500 மில்லி இருந்த இடத்தில் 450 மில்லி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய பச்சை அரை லிட்டர் 22 ரூபாய், லிட்டருக்கு 44. புதியது 450 மில்லி 25 ரூபாய், லிட்டருக்கு 55 ரூபாய் 55 காசு. ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். அந்தக் கூடுதலுக்கு என்ன கிடைக்கிறது? பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அது இரண்டு உறைக்கும் பொது என்பதால் மில்லியைக் கிராமாகவே வைத்துக்கொள்வோம். பழைய உறையில் கொழுப்பு 22.5 கிராம், மற்றத் திடப்பொருள் 42.5 கிராம், ஆக 65. ‘பிளஸ்’ உறையில் கொழுப்பு 20.25, மற்றத் திடப்பொருள் 40.5, ஆக 60.75. மூன்று ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிய உறைக்குள் பாலின் சத்து நாலு கிராம் குறைவு. வைட்டமினைத் தவிர்த்துப் பார்த்தால் ‘பிளஸ்’ என்பது மைனஸ். ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் என்று பிரித்தால் நீலமும் பச்சையும் மூன்று கிராமை ஒட்டி வருகின்றன, 30 ரூபாய் ஆரஞ்சில் சரியாக இரண்டரை கிராம், ‘பிளஸ்’ அந்த ஆரஞ்சுக்கும் கொஞ்சம் கீழே.

அரசியல் கட்சிகளும் பால் முகவர்களும் இதை மறைமுக விலையேற்றம் என்றார்கள். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய பிசகு ஒன்று தெரிகிறது. உயர்ந்த சரக்கைத் தனியாக உயர்த்தாமல், அன்றாடச் சரக்கின் பெயரிலேயே ஏறி நின்று உயர்த்தினார்கள். கிரீன் மேஜிக் பிளஸ் என்ற பெயர் கேட்டதும் கிரீன் மேஜிக் வாங்குகிறவருக்கு இரண்டு எண்ணம்தான் வரும்: என் பாலில் ஏதோ குறை இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் என் பாலை எடுத்துவிட்டு இதைத் தலையில் கட்டப்போகிறார்கள். முதல் எண்ணம் அவமானம், இரண்டாவது பயம். ஊதா உறைப் பேச்சு நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது என்பதால் பயம் முந்திக்கொண்டது. அளவையும் குறைத்ததால் அந்தப் பயத்துக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

ஆவின் இதே வேலையைச் சரியாகச் செய்ததும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2022 நவம்பரில் பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு மூன்று ரூபாய் கூட்டினார்கள். அந்தச் சுமையை எங்கே ஏற்றுவது? ஆரஞ்சு உறையின் சில்லறை விலை லிட்டருக்கு 48-லிருந்து 60 ரூபாயானது. ஒரே தாவலில் 12 ரூபாய், சின்ன ஏற்றம் இல்லை. ஆனால் நீலத்தையும் பச்சையையும் தொடவில்லை. ஆரஞ்சிலும் மாத அட்டை வைத்து வாங்கும் வீடுகளுக்குப் பழைய 46 ரூபாயே நின்றது. முணுமுணுப்பு அப்போதும் இருந்தது. டீ விலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனாலும் அன்றாடப் பால் வாங்கும் வீட்டில் எதுவும் மாறவில்லை. பச்சை உறையைத் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போடவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. மேல் சரக்கில் என்ன வேண்டுமானாலும் செய், கீழ்ச் சரக்கில் கை வைக்காதே. அதன் அளவு, விலை, கடையில் அது இருக்கும் இடம் மூன்றும் அசையக்கூடாது. புதியது வந்த நாளில் பழையதில் ஏதாவது ஒன்று மாறினாலும், அந்த மாற்றத்துக்கும் புதியதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், வாங்குகிறவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் பார்ப்பார்.

அப்படியானால் வேறு பெயரிலேயே விட்டுவிட்டால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். அதுவும் ஒரு வழிதான், பக்கத்து மாவட்டத்துக்காரர் செய்து காட்டிய வழி. சிவகாசிக்கு அருகே திருத்தங்கலில் பிறந்த ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் சின்ன அறையில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கி, அருண் ஐஸ்கிரீமைச் சிறு ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனார். பெரிய நிறுவனங்கள் நகரத்தோடு நின்றபோது அருண் கடை சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில் இருந்தது. பிற்பாடு அவருடைய ஹட்சன் நிறுவனம் கண்ணாடிக் கதவும் குளிரூட்டலுமாக, விதவிதமான சுவைகளைக் கரண்டியால் அள்ளித் தரும் கடைகளைத் திறந்தபோது அதற்கு அருண் என்று பெயர் வைக்கவில்லை, ஐபாகோ என்று வைத்தார்கள். அதனால் தேர்த் திருவிழாவில் அருண் கப் வாங்கிக் கொடுக்கும் அப்பா எதற்கும் கூச வேண்டியதில்லை. அவர் வாங்குவது அருணில் மட்டமானது இல்லை, அருணேதான்.

ஆனால் தனிப் பெயருக்குத் தனிக் காசு வேண்டும். புதுக் கடை, புது ஆள், புது விளம்பரம், பெயர் மக்கள் வாயில் ஏறும்வரை சில வருட நஷ்டம். இருபது தறி வைத்திருப்பவருக்கு அது கட்டாது. அவருக்கு இருக்கும் ஒரே சொத்து இருபது வருடப் பெயர்தான்.

நடுவழி ஒன்றையும் ஒரு கார் கம்பெனி போய்ப் பார்த்தது. மாருதி என்றால் சின்னக் கார், சிக்கனக் கார். 2011-ல் அதே ஷோரூமில் ஆல்ட்டோவுக்குப் பக்கத்தில் கிஸாஷி என்ற பெரிய காரை வைத்தார்கள், போணியாகவில்லை. 2015-ல் ‘நெக்ஸா’ என்று தனி ஷோரூம்கள் திறந்து விலை கூடிய வண்டிகளை அங்கே மாற்றினார்கள். காரில் மாருதி முத்திரை இருக்கும், வாசல்தான் வேறு. இது நன்றாகவே ஓடியது. ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. புது வாசலுக்குப் பெயர் வந்ததும் பழைய வாசல் பெயரில்லாமல் நின்றது. ‘நெக்ஸா இல்லாத மாருதி’ என்பதுதான் அதன் அடையாளமானது. இரண்டு வருடம் கழித்து, 2017-ல், பழைய ஷோரூம்களுக்கும் ‘அரீனா’ என்று பெயர் வைத்துப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். மேல் சரக்குக்குப் பெயர் வைக்கிற அன்றே கீழ்ச் சரக்குக்கும் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் ஜனங்கள் வைப்பார்கள். தமிழில் அவர்கள் வைக்கும் பெயர் ‘சாதா’.

பெயர் எவ்வளவு குத்தும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2009-ல் விற்பனைக்கு வந்த டாடா நானோ ‘லட்ச ரூபாய் கார்’ என்றே பேசப்பட்டது. மலிவான கார் என்ற முத்திரை அதைக் கெடுத்தது என்று ரத்தன் டாடாவே பின்னால் சொன்னார். கார் வாங்குகிறவர் தெருவுக்குக் காட்டத்தான் பாதி வாங்குகிறார், அங்கே விலையை நெற்றியில் ஒட்டிவிட்டால்? அதேபோல 2006-ல் ஓடத் தொடங்கிய குளிர்சாதன ரயிலுக்கு ‘கரீப் ரத்’ என்று பெயர். ஏழையின் தேர் என்று பொருள். மலிவாக ஏ.சி. பயணம் தந்த நல்ல ரயில், பெயரோ டிக்கெட் எடுத்தவனின் சட்டைப்பையைப் பற்றியது. நமக்கு இந்தி தெரியாதது அந்த வண்டியில் ஏறியவரைக்கும் ஒரு சௌகரியம்.

இனி அண்ணாச்சியின் சேலைக்கு வருவோம்.

நூலுக்கு நம்பர் உண்டு என்பது தறி ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஒரு பவுண்டு எடை பஞ்சை நூலாக்கினால் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். அறுபதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 50,400 கெஜம், நூறாம் நம்பர் என்றால் 84,000 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். அண்ணாச்சியின் பழைய சேலை அறுபது, புதியது நூறு. பாலில் கொழுப்புச் சதவீதம் எப்படியோ அப்படி இங்கே நூல் நம்பர். யாரும் அளந்து பார்க்கக்கூடிய, யாரையும் புண்படுத்தாத ஓர் எண்.

நூறாம் நம்பருக்கு விலை கூடுவதற்குக் காரணங்கள் உண்மையானவை. அந்த நூலுக்கு நீளமான இழையுள்ள நல்ல பஞ்சு வேண்டும். நெய்யும்போது பாவு இழை அடிக்கடி அறும், அறுந்தால் தறியை நிறுத்தி முடிபோட வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு இறங்கும் சேலை குறைவு. அதே அகலத்துக்கு அதிக இழைகளும் வேண்டும், இல்லாவிட்டால் துணி சல்லடை மாதிரி தெரியும். இவை அத்தனையும் வாங்குகிறவரிடம் நேராகச் சொல்லக்கூடியவை. ‘தரம் அறிந்தவர்களுக்கு’ என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. ‘நூறாம் நம்பர் நூல்’ என்று எழுதினால் போதும்.

அதோடு, மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. தினமும் கல்லில் அடித்துத் துவைக்கிற சேலைக்கு நூறாம் நம்பர் ஏற்றதில்லை. மெல்லிய நூல் சீக்கிரம் நைந்துபோகும். தினசரி உடுப்புக்கு அறுபதுதான் நல்லது. கல்யாணத்துக்கோ ஆபீஸ் விசேஷத்துக்கோ, வெயில் காலத்தில் இலேசாக இருக்க வேண்டும் என்பவருக்கோ நூறு. இதைக் கடைக்காரர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நூறு வாங்குகிறவரே தினசரிக்கு இரண்டு அறுபது சேர்த்து வாங்குவார். இந்த உண்மை இல்லாத சரக்கில், அதாவது புதியது எல்லா வகையிலும் பழையதைவிட நல்லது என்றால், இந்த வழி உதவாது. அப்போது தனிப் பெயர்தான், இல்லாவிட்டால் பழையதை மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டு வருவதுதான். வார்த்தையால் மூட முடியாத வித்தியாசத்தை வார்த்தையால் மூடப் பார்த்தால் இன்னும் அசிங்கமாகும்.

ஆனால் அவமானம் பெரும்பாலும் அட்டையில் நடப்பதில்லை, கல்லாப்பெட்டிக்கு முன்னால் நடக்கிறது. அதற்குக் காரணம் கடைக்காரரின் கெட்ட குணம் அல்ல, அவருடைய லாபம். ஒரு கணக்குக்கு, பழைய சேலை 450 ரூபாய், புதியது 1,100 ரூபாய் என்று வையுங்கள். இரண்டுக்கும் கடைக்கு 20 சதவீதம் என்றால் ஒன்றில் 90 ரூபாய் மிச்சம், இன்னொன்றில் 220. எடுத்துப் போடுகிற பையனுக்கு முதலாளி என்ன சொல்லிவைப்பார்? “அது சாதாம்மா, இதைப் பாருங்க” என்றுதான். அந்த ஒரு வாக்கியத்தில் இருபது வருடம் போய்விடும். அண்ணாச்சி எவ்வளவு அழகாக அட்டை அடித்தாலும் தடுக்க முடியாது. சதவீதத்தை விட்டுவிட்டு, கடைக்குப் பழையதில் 90, புதியதில் 130 அல்லது 140 என்று ரூபாயில் பேசிவிட்டால் தள்ளிவிடும் அவசரம் குறையும். மிச்சத்தில் கொஞ்சத்தைப் புதியதின் விலையிலேயே குறைக்கலாம். பழைய சேலைக் கட்டு எடுக்கிற கடைக்குத்தான் புதுச் சேலை என்று ஒரு நிபந்தனையும் வைக்கலாம். அப்போது அறுபதாம் நம்பர் பரணுக்குப் போகாது.

சரியாகப் போகிறதா, பிசகுகிறதா என்று எப்படித் தெரியும்? மொத்த விற்பனை ஏறியது என்று மகிழ்ந்துபோகக் கூடாது, முதல் சீசனில் விலை கூடிய சரக்கு கணக்கை எப்படியும் ஏற்றிக் காட்டும். பார்க்க வேண்டியது பழையதின் எண்ணிக்கையை, ரூபாயில் அல்ல, உருப்படியில். போன வருடம் இதே மாதம் ஒரு கடைக்கு எத்தனை அறுபது போனது, இந்த வருடம் எத்தனை? நூறு விற்ற அளவுக்கு அறுபது குறைந்திருந்தால், புது ஆள் யாரும் வரவில்லை, பழைய ஆளே இடம் மாறியிருக்கிறார் என்று அர்த்தம். அறுபதும் குறைந்து, நூறும் அந்த அளவுக்கு விற்கவில்லை என்றால் அதுதான் ஆபத்து. பழைய ஆள் கூசிப்போய் வேறு கடைக்குப் போய்விட்டார். அவர் சண்டை போட மாட்டார், கடிதம் எழுத மாட்டார். அடுத்த முறை வர மாட்டார், அவ்வளவுதான்.

எண்ணிக்கைக்கு முன்னால் காதில் விழும் அறிகுறி ஒன்றும் உண்டு. புதிய சேலையைப் பக்கத்தில் பார்த்ததும், பத்து வருடமாக வாங்கும் அம்மா தன் கையிலிருக்கும் பழைய சேலையைத் தடவிப் பார்த்துக் கேட்பார்: “அப்ப இது மட்டமா?” இந்தக் கேள்வி ஒரு கடையில் ஒரு தடவை வந்தால் பையன் ஏதோ உளறியிருக்கிறான் என்று விடலாம். மூன்று கடைகளில் வந்தால் சரக்கை நிறுத்தி அட்டையையும் அடுக்கையும் மாற்ற வேண்டும். கடைக்காரரிடம் விற்பனையைக் கேட்கும்போது இந்தக் கேள்வி வந்ததா என்றும் கேட்கச் சொல்லி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஆயிரம் அட்டை அடிச்சாச்சே தம்பி” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பத்து நாள் கழித்துப் புது அட்டை காட்டினார். தங்க எழுத்து போய்விட்டது. ஒன்றில் பெரிதாக 60, இன்னொன்றில் அதே அளவில் 100. அறுபது அட்டையில் ‘தினசரி உடுத்த, துவைக்க’ என்றும், நூறு அட்டையில் ‘மெல்லிய நூல், நிழலில் உலர்த்தவும்’ என்றும் இருந்தது. பழைய ஆயிரம் அட்டையின் பின்பக்கத்தில் நூல் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆடித்தபசுக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே தட்டில் கடைக்கு வரும். அறுபதின் விலையும் நீளமும் போன வருடத்தைப் போலவே.